பத்திரத்தின் மேல் 20 லட்சம், வெறும் கையெழுத்தில் 4 லட்சம்

கோவை கணபதியில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. பம்பு கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், ஸ்லீவ், புஷ் கடைந்து கொடுக்கிறோம். பெரும்பாலும் ஜாப் ஒர்க்தான். இரும்பு அவர்களுடையது, கூலி நம்முடையது. 2022 தொடக்கத்தில், தொழிலை மூடிக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து இரண்டு பழைய சிஎன்சி மெஷின்கள் விலைக்கு வந்தன. மெஷின் விலையோடு கம்ப்ரசர், வயரிங், கூடுதல் மின் லோடு, அடித்தளம் எல்லாம் சேர்த்தால் 20 லட்சம் வந்தது. பழைய மெஷின் என்பதால் மெஷினரி லோன் கிடையாது என்று என் வங்கியில் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்தவை இரண்டு வழிகள்: வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கும் அடமானக் கடன், அல்லது எதையும் வைக்காமல் வாங்கும் பர்சனல் லோன்.

பர்சனல் லோனுக்கு வந்த சலுகை 17 சதவீதம், 5 வருடம். அடமானக் கடனுக்கு 9 சதவீதம், 10 வருடம். சம்பளக்காரர்களுக்கு 11, 12 சதவீதத்தில் பர்சனல் லோன் தருகிறார்களே என்று கேட்டேன். மாதாமாதம் ஒரே தேதியில் சம்பளம் விழுகிறவருக்கு அது. தொழில் செய்பவருக்கு வருமானம் ஏறி இறங்கும் என்பதால் வட்டி கூடத்தான் இருக்கும் என்றார் கடன் பிரிவில் இருந்தவர். கேட்டவரை எல்லா இடத்திலும் அதே பதில்தான்.

17-க்கும் 9-க்கும் நடுவில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு எளிதாக முடிவதில்லை.

20 லட்சத்துக்கு 17 சதவீதத்தில் 5 வருடம் என்றால் மாதத் தவணை 49,705 ரூபாய். 5 வருடத்தில் கட்டும் வட்டி சுமார் 9 லட்சத்து 82 ஆயிரம். அதே 20 லட்சத்துக்கு 9 சதவீதத்தில் 10 வருடம் என்றால் மாதத் தவணை 25,335 ரூபாய், அதாவது பாதிதான். ஆனால் 10 வருடமும் கட்டினால் வட்டி மட்டும் 10 லட்சத்து 40 ஆயிரம். வட்டி விகிதம் ஏறக்குறைய பாதியாக இருந்தும், கையை விட்டுப் போகும் வட்டி பர்சனல் லோனைவிட அதிகம். 15 வருடத்துக்கு நீட்டினால் தவணை 20,285 ஆகக் குறையும், வட்டி 16 லட்சத்தைத் தாண்டும். தவணையில் 5,000 ரூபாய் குறைப்பதற்காக 6 லட்சம் கூடுதலாகக் கட்டுகிறோம். வங்கியில் 15 வருடத்தைத்தான் முதலில் நீட்டினார்கள். வீட்டை வைத்துக் கொடுப்பதால் அவர்களுக்கு அவசரம் இல்லை.

ஆக வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து இந்த இரண்டையும் ஒப்பிட முடியாது. காலத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 9 சதவீதக் கடனை 5 வருடத்தில் அடைத்தால் வட்டி 4 லட்சத்து 91 ஆயிரம்தான். பர்சனல் லோன் வட்டியில் சரிபாதி. குறைந்த வட்டியின் முழுப் பலன் சீக்கிரம் கட்டுபவருக்குத்தான் கிடைக்கும். ஆனால் 5 வருடத்துக்கு எழுதினால் தவணை 41,517. அதை என் பட்டறை தாங்குமா என்பது அடுத்த கேள்வி.

இதற்கு நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் நல்ல மாதம் அல்ல, மோசமான மாதம். பம்புத் தொழிலில் கோடைக்கு முந்தைய மாதங்கள் நன்றாக ஓடும். மழை பிடித்துவிட்டால் ஆர்டர் படுத்துவிடும். அந்த இரண்டு மெஷின்களும் ஆபரேட்டர் கூலி, கரண்ட், இன்சர்ட், ஆயில் போக நல்ல மாதத்தில் 60,000 வரை மிச்சம் பிடிக்கும், மந்தமான மாதத்தில் 25,000 நின்றாலே அதிகம் என்று கணக்கிட்டேன். 49,705 தவணை என்றால் வருடத்தில் நான்கைந்து மாதம் வேறெங்கிருந்தாவது பணம் புரட்ட வேண்டும். அந்தப் புரட்டல் கந்துவட்டியில்தான் போய் நிற்கும். 25,335 என்றால் மந்தமான மாதத்திலும் மெஷின் ஏறக்குறையத் தன் தவணையைத் தானே கட்டிக்கொள்ளும். அதனால் 10 வருட அடமானக் கடன் என்று முடிவு செய்தேன். 15 வருடம் வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏற்கெனவே ஓடிய மெஷின் இன்னும் ஏழெட்டு வருடம் ஒழுங்காக அளவு காட்டும். அப்புறம் ஸ்பிண்டில், பால் ஸ்க்ரூ என்று செலவு வைக்கும். மெஷின் பழைய இரும்புக்குப் போன பிறகும் அதன் கடனைக் கட்டிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை.

கடிதத்தில் 10 வருடம், மனதில் 6 வருடம் என்று வைத்துக்கொண்டேன். மாதம் 10,000 கூடுதலாகக் கட்டினால் 120 தவணை 74 ஆகச் சுருங்கும். வட்டி 10 லட்சத்து 40 ஆயிரத்திலிருந்து 6 லட்சத்து 13 ஆயிரத்துக்கு இறங்கும். எழுதிக் கொடுத்த கட்டாயம் 25,335 மட்டும்தான். கூடுதல் 10,000 முடிந்தபோது கட்டுவது, முடியாதபோது விடுவது. தொழில் செய்பவனுக்கு இந்தச் சுதந்திரம் அரை சதவீத வட்டிக் குறைப்பைவிடப் பெரியது. ஒன்று கவனிக்க வேண்டும்: கூடுதலாகப் பணம் கட்டும்போது தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் சில இடங்களில் தவணையைக் குறைத்துவிட்டுக் காலத்தை அப்படியே விட்டுவிடுவார்கள்.

முன்கூட்டிக் கட்டக் கட்டணம் உண்டா என்பதை அப்போது கடன் அனுமதிக் கடிதத்தில் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. என்னுடையதில் வருடத்துக்கு நிலுவையில் 25 சதவீதம் வரை கட்டணமில்லை, அதற்கு மேல் 2 சதவீதம் என்று இருந்தது. தொழிலுக்கு என்று வாங்கினால் இந்தக் கட்டணம் போடலாம் என்பது அன்றைய நிலை. 2025 ஜூலையில் ரிசர்வ் வங்கி இதை மாற்றியது. 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் மாறும் வட்டிக் கடன்களில், தனிநபர்களும் குறு, சிறு தொழில்களும் தொழிலுக்காக வாங்கினாலும் வணிக வங்கிகளும் பெரிய நிதி நிறுவனங்களும் முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. சிறு நிதி வங்கிகள், நடுத்தர அடுக்கில் வரும் நிதி நிறுவனங்கள் போன்றவற்றில் இந்தச் சலுகை 50 லட்சம் வரையிலான கடனுக்கு. பர்சனல் லோன் பெரும்பாலும் நிலையான வட்டியில் வருவதால் இந்த விதிக்குள் வராது. அதில் 3, 4 சதவீதம் கட்டணமும், முதல் 12 மாதம் மூடவே முடியாது என்ற நிபந்தனையும் சகஜம்.

சரி, முடிவு செய்வது எளிது. பத்திரத்தோடு வங்கிக்குப் போன பிறகுதான் வேலையே தொடங்கியது.

வீடு அப்பா சம்பாதித்துக் கட்டியது. அவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். பட்டாவை என் பெயருக்கு மாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. வங்கியின் வக்கீல் அதை ஏற்கவில்லை. உயில் இல்லாதபோது மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. அம்மா, நான், தங்கை. வாரிசுச் சான்று, அப்பாவின் இறப்புச் சான்று, அவர் வாங்கிய கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதி வரைபடம் என்று வரிசையாகக் கேட்டார்கள். தங்கைக்கு இரண்டு வழி இருந்தது. விடுதலைப் பத்திரம் எழுதிப் பங்கை விட்டுக்கொடுப்பது ஒன்று. இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடுவது இன்னொன்று.

பொள்ளாச்சியில் இருக்கும் தங்கையிடம் போய் உட்கார்ந்து பேசினேன். அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்: "ஏண்ணா, உன்னால கட்ட முடியாமப் போச்சுன்னா என்ர பங்கும் சேர்ந்து போயிருமா?"

"போயிரும். அதுமட்டுமில்ல, நான் தவணை தவறுனா உன்ர சிபிலும் கெடும். உங்க வீட்டுக்காரரும் நீயும் சேர்ந்து வீட்டுக் கடன் கேட்டா அங்க இது தெரியும்" என்றேன்.

மாப்பிள்ளையிடம் கலந்து பேசிவிட்டு ஒரு வாரம் கழித்துச் சம்மதம் சொன்னாள். விடுதலைப் பத்திரம் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். கடனுக்காக ஒருத்தி தன் பங்கை நிரந்தரமாக எழுதிக் கொடுப்பது நியாயமாகப் படவில்லை. அடமானக் கடனில் ரிஸ்க் என்று எல்லாரும் சொல்வது வீடு போகும் என்பதைத்தான். அது யாருடைய வீடு என்பதையும் கேட்க வேண்டும். பர்சனல் லோனில் விழுந்தால் நான் விழுவேன். இதில் அம்மாவும் தங்கையும் சேர்ந்து விழுவார்கள். இதைச் சொல்லாமல் "சும்மா ஒரு கையெழுத்து" என்று வாங்கிய குடும்பங்களில் பின்னால் பேச்சுவார்த்தையே நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து மதிப்பீடு. அக்கம்பக்கத்தில் 60 லட்சம் போகும் என்று பேசிக்கொண்ட வீட்டுக்கு வங்கியின் வேல்யூயர் 51 லட்சம்தான் போட்டார். காரணம் மாடி. அனுமதி வரைபடத்தில் கீழ்த்தளம் மட்டுமே இருந்தது. அப்பா பிற்பாடு அனுமதி வாங்காமல் எழுப்பிய மாடிக்கு மதிப்பே போடவில்லை. 51 லட்சத்தில் 60 சதவீதம் வரை தரலாம், அதாவது 30 லட்சத்துச் சொச்சம். அதற்காக 30 லட்சம் கிடைத்துவிடாது. வருமான வரிக் கணக்கில் காட்டிய லாபம், தேய்மானத்தைத் திரும்பச் சேர்த்தது, ஜிஎஸ்டி ரிட்டர்ன், கரன்ட் அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் வைத்து, மாதம் எவ்வளவு தவணை கட்ட முடியும் என்று தனியாக ஒரு கணக்கு உண்டு. இரண்டில் எது குறைவோ அதுதான் கடன். வரி மிச்சம் என்று லாபத்தைக் குறைத்துக் காட்டியவருக்கு ஒரு கோடி ரூபாய் வீடு இருந்தாலும் இங்கே கை கொடுக்காது. எனக்கு 22 லட்சம் வரை தகுதி வந்தது. கேட்டது 20. இன்னும் இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள், வேண்டாம் என்றேன்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். பரிசீலனைக் கட்டணம் 1 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் சேர்த்து 23,600. வக்கீல் கருத்துக்கும் மதிப்பீட்டுக்கும் 12,000. பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கான ஆவணத்தை, எம்ஓடி என்பார்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். கடன் தொகையில் அரை சதவீத முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 16,000. மொத்தம் 51,600. பர்சனல் லோனில் பரிசீலனைக் கட்டணமே 2 சதவீதம், ஜிஎஸ்டியோடு 47,200 ஆகியிருக்கும். ஆக பெரிய தொகையில் இந்தச் செலவு முடிவை மாற்றுவதில்லை. சின்னத் தொகையில் மாற்றும். அதற்குப் பின்னால் வருகிறேன். பணம் கைக்கு வர ஒன்றரை மாதம் போல ஆனது. மெஷின்காரர் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு காத்திருந்ததால் பிழைத்தேன்.

கையெழுத்துப் போட்ட சில மாதங்களில் வட்டி ஏறத் தொடங்கியது. என் கடன், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தோடு இணைந்தது. 2022 ஏப்ரலில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதம் ஆனது. என் 9 சதவீதம் 11.5 ஆகிவிட்டது. தவணை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அதனால் நிறையப் பேர் கவனிக்கவே இல்லை. ஏறியது காலம். கூடுதல் கட்டாமல் விட்டிருந்தால், முதல் வருட முடிவில் 108 ஆக இருக்க வேண்டிய மீதித் தவணை 130-ஐத் தாண்டியிருக்கும். சத்தமில்லாமல் கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடுகிறது. மாதம் 25,335 கட்டினால் அதில் 18,000 வட்டிக்கே போய்க்கொண்டிருந்தது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரிடம் கேட்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தால் தள்ளிவிடாமல், மீதித் தவணை எத்தனை என்று ஸ்டேட்மென்டில் பாருங்கள். 2025-ல் ரெப்போ படிப்படியாக இறங்கி டிசம்பரில் 5.25-க்கு வந்தது, என் வட்டியும் கூடவே இறங்கியது. நிதி நிறுவனங்கள் தங்கள் சொந்த அடிப்படை விகிதத்தில் கடன் தருவதால் அங்கே ஏறும்போது இருக்கும் வேகம் இறங்கும்போது இருப்பதில்லை என்று அங்கே வாங்கிய நண்பர்கள் புலம்புவார்கள். பர்சனல் லோன் வாங்கியிருந்தால் இந்த ஆட்டம் எதுவும் இல்லை. 17 என்றால் கடைசி வரை 17.

இனி 4 லட்சத்தின் கதை. 2025 ஜனவரியில் ஒரு பம்பு கம்பெனி, வழக்கமான கூலி வேலையாக இல்லாமல் இரும்பையும் நாமே வாங்கி ஷாஃப்டாக முடித்துக் கொடுக்கும்படி ஆர்டர் தந்தது. லாபம் கூட, ஆனால் கம்பிக்கு முன்பணம் வேண்டும். பில் பணம் வர 60 நாள் ஆகும். அதற்கு 4 லட்சம் தேவைப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கும் அடமானக் கடனின் மேலேயே கூடுதல் கடனாக டாப்-அப் தருகிறோம் என்றார்கள். நான் பர்சனல் லோன் எடுத்தேன்: 16 சதவீதம், 2 வருடம், தவணை 19,585, மொத்த வட்டி சுமார் 70,000.

என் மனைவிக்கு இது புரியவில்லை. "வீட்டு மேல குறைஞ்ச வட்டிக்குக் கிடைக்கறப்ப எதுக்குங்க இது?" என்று கேட்டாள். அவளுக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது. 4 லட்சத்தை அப்போதைய 11.5 சதவீதத்தில் 2 வருடத்துக்கு அடமானத்தில் வாங்கியிருந்தால் வட்டி சுமார் 50,000 ஆகும். மிச்சம் 20,000. அந்த மிச்சத்தில் பரிசீலனைக் கட்டணம், மறுபடியும் ஒரு மதிப்பீடு, எம்ஓடி பதிவு, அம்மாவும் தங்கையும் பதிவு அலுவலகத்துக்கு வந்து போவது எல்லாம் கழித்தால் சொல்லும்படி எதுவும் நிற்காது. அதைவிட, டாப்-அப் 2 வருடத்துக்கு வராது. இருக்கிற கடனின் மீதிக் காலம் முழுவதற்கும் நீட்டிக் கொடுப்பார்கள். இரண்டு மாதத்தில் திரும்பி வரும் பணத்துக்கு ஏழு வருடக் கடன் எதற்கு? பர்சனல் லோன் பணம் மூன்றாம் நாளே கணக்கில் ஏறியது, கம்பி விலை ஏறுவதற்குள் வாங்கிப் போட்டேன்.

16 சதவீதம் என்று சொன்னாலும் உண்மையான செலவு அது அல்ல. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர் கடனுக்கும் சிறு தொழில் கடனுக்கும் முக்கிய விவரத் தாள் ஒன்று தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கட்டணமெல்லாம் சேர்ந்த வருடாந்திர விகிதம் அதில் இருக்கும். பரிசீலனைக் கட்டணம் 9,440 கழிந்தபின் என் கைக்கு வந்தது 3,90,560. அதை வைத்துப் பார்த்தால் விகிதம் 18.5 சதவீதம் ஆகிறது. தாளிலும் அப்படித்தான் இருந்தது. முதலில் தந்த தாளில் அதற்கு மேலும் இருந்தது, ஏனென்றால் கேட்காமலே ஒரு காப்பீட்டுப் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்திருந்தார்கள். எடுக்கச் சொன்னதும் எடுத்துவிட்டார்கள். "9 சதவீதம்தான் சார், ஃபிளாட்" என்று யாராவது போனில் சொன்னால் இந்தத் தாளைக் கேளுங்கள். ஃபிளாட் என்றால் கட்டக் கட்டக் குறையாமல் கடைசி வரை முழுத் தொகைக்கும் போடும் வட்டி; 5 வருடத்துக்கு 9 சதவீத ஃபிளாட் வட்டி என்பது, குறையும் நிலுவையில் கணக்கிட்டால் ஏறக்குறைய 15.7 சதவீதம்.

இந்த மாதிரி இடைவெளி வருடாவருடம் வருகிறவருக்குப் பர்சனல் லோன் சரிப்படாது. அவருக்குச் சொத்தின் மேலேயே ஓவர்டிராஃப்ட் வரம்பாக வாங்குவது நல்லது. எடுத்த பணத்துக்கு, எடுத்த நாளுக்கு மட்டும்தான் வட்டி. எனக்கு அது ஒரு தடவை வந்த தேவை என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

கட்ட முடியாமல் போனால் என்ன நடக்கும் என்பதை ஒரு நண்பரின் விஷயத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சின்ன ஃபவுண்டரி வைத்திருந்தவர். 15 வருட அடமானக் கடன், இரண்டு டாப்-அப். அதில் ஒரு பகுதி தொழிலுக்கே வரவில்லை. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பணத்தை நிறுத்தியதும் தவணை நின்றது. 90 நாள் தாண்டியதும் கணக்கு வாராக் கடன் ஆனது. பின் 2002-ம் வருட சர்ஃபேசி சட்டத்தின்படி 13(2) நோட்டீஸ் வந்தது: 60 நாளுக்குள் முழுத் தொகையையும் கட்டு. நின்றுபோன நாலு தவணையை அல்ல, முழுக் கடனையும். இதற்கு நீதிமன்றம் போய் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்க வேண்டிய அவசியம் வங்கிக்கு இல்லை. அடுத்து வீட்டை வங்கி கைப்பற்றிவிட்டது என்று சுவரில் சுவாதீன அறிவிப்பு ஒட்டினார்கள், பேப்பரிலும் வந்தது. ஊருக்கே தெரிந்துபோனது அன்றைக்குத்தான்.

அவருக்கு மூன்று விஷயம் தெரியாமல் இருந்தது. 13(2) நோட்டீஸுக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் 15 நாளுக்குள் காரணத்தோடு வங்கி பதில் தர வேண்டும். பேச்சுவார்த்தைக்கு அது ஒரு வாசல். சுவாதீனம் எடுத்த பிறகு 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கோவையிலேயே ஒன்று இருக்கிறது. அதைவிட முக்கியமானது, 2016 திருத்தத்துக்குப் பிறகு பாக்கி முழுவதையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். ஏலத் தேதி வரை நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். வக்கீல் சொன்ன பிறகு, அறிவிப்பு வருவதற்கு முன்பே வங்கியின் சம்மதத்தோடு தானே ஆள் பார்த்து விற்றார். ஏலத்தில் போயிருக்கக்கூடிய விலையைவிட நல்ல விலை. கடன் போக மிச்சமும் கொஞ்சம் கையில் நின்றது.

பர்சனல் லோனில் இந்த வேகம் இல்லை. வீட்டுச் சுவரில் யாரும் வந்து ஒட்ட முடியாது. ஆனால் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் பொய். கொடுத்த செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ம் பிரிவில் கிரிமினல் வழக்கு வரும். செக் வேண்டாம், வங்கியிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணை திரும்பினாலும் அதேபோல வழக்குப் போட வேறொரு சட்டத்தில் இடம் உண்டு. சிவில் வழக்கில் தீர்ப்பாகிவிட்டால் என் பெயரில் உள்ள சொத்தை ஜப்தி செய்யலாம். என் பட்டறை தனி உரிமையாளர் தொழில் என்பதால் தொழில் சொத்து, சொந்தச் சொத்து என்று சட்டத்தில் பிரிவினை கிடையாது. வித்தியாசம் நேரத்தில்தான். அந்த நேரத்தில் ஒரு சீசன் திரும்பினால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம். கரன்ட் அக்கவுன்ட் இருக்கும் வங்கியிலேயே பர்சனல் லோன் வாங்காமல் நான் வேறு இடத்தில் வாங்கியதும் இதனால்தான். அதே வங்கியாக இருந்தால் தவணை நின்ற மாதம் வாடிக்கையாளர் அனுப்பும் பணத்தை அப்படியே பிடித்துக்கொள்ள அவர்களுக்கு வழி உண்டு. அந்த வாரம் ஆட்களுக்குக் கூலி கொடுக்க முடியாது.

வரி விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். பணம் தொழிலுக்குப் போயிருந்தால் வட்டியைச் செலவாகக் காட்டலாம். கடனுக்குப் பர்சனல் லோன் என்று பெயர் இருப்பது தடையில்லை. பணம் கரன்ட் அக்கவுன்டுக்கு வந்து அங்கிருந்து கம்பி வியாபாரிக்குப் போனதற்கான தடம் இருக்க வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னார். அதனால் 4 லட்சம் சேவிங்ஸ் கணக்கில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை.

அடமானக் கடனில் பத்திரம் ஒப்படைத்த அன்று, கொடுத்த ஒவ்வொரு ஆவணத்தின் எண்ணும் தேதியும் பக்கமும் குறித்த பட்டியலை வங்கி முத்திரையோடு வாங்கி வைத்திருக்கிறேன். கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் தரப்புக் காரணத்தால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதி. பத்திரம் கைக்கு வந்தாலும் வேலை முடிவதில்லை. எம்ஓடி பதிந்த அதே சார்பதிவாளர் அலுவலகத்தில், கடன் தீர்ந்தது என்பதற்கான ரசீது ஆவணத்தை வங்கி பதிந்து கொடுக்க வேண்டும். அது பதியாத வரை வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும். எங்கள் வீதியில் ஒருவர் கடனை முடித்துப் பல வருடம் கழித்து வீட்டை விற்கப் போனபோது இதில் மாட்டினார். கடன் கொடுத்த கிளை அதற்குள் வேறு கிளையோடு சேர்ந்துவிட்டிருந்தது; கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர் யார் என்று கண்டுபிடிக்கவே அலைந்தார்.